தலைப்பிரசவத்துக்குப் பிறகு: எந்தக் கருத்தடை முறை, என்ன கணக்கு?

குழந்தை பிறந்த ஆறாவது வாரம் முதல் தவணைத் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போவார்கள். அன்று பிள்ளையின் எடையும் ஊசியும் பேசப்படும் அளவுக்குத் தாயின் அடுத்த கர்ப்பம் பேசப்படுவதில்லை. “இன்னும் தீட்டே வரலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று கூட வந்த மாமியார் கேட்பார். ஆனால் கருமுட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய் வரும். அதனால் பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாயைப் பார்க்காமலேயே மறுபடி கர்ப்பமாகிவிட முடியும்.

தாய்ப்பால் கொடுப்பதே ஒரு கருத்தடைதான். அதற்கு மூன்று நிபந்தனைகள்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் 100 பேரில் 98 பேருக்குக் கரு தங்காது. பசும்பால், புட்டிப்பால் என்று ஏதாவது ஒன்று ஆரம்பித்த நாளிலேயே அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு 26 வயது, தலைப்பிரசவம் சுகப்பிரசவம், தாய்ப்பால் கொடுக்கிறாள். அவன் லாரி ஓட்டுகிறான், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். இன்னொரு குழந்தை வேண்டும், ஆனால் மூன்று வருடமாவது இடைவெளி வேண்டும் என்பது இருவரின் எண்ணம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதம் விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இவர்களுக்கு எது பொருந்தும்?

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு தோல்விக் கணக்குகள் உண்டு. சொன்னபடி ஒரு நாளும் பிசகாமல் பயன்படுத்தினால் எத்தனை பேர் கர்ப்பமாவார்கள் என்பது ஒன்று. மறதி, பயணம், காய்ச்சல், மாமியார் வீட்டு விசேஷம் எல்லாம் உள்ள நிஜ வாழ்க்கையில் எத்தனை பேர் கர்ப்பமாவார்கள் என்பது இன்னொன்று. தினசரி மாத்திரையை எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் முதல் கணக்குப்படி 100 பெண்களில் ஒருவர்கூட இல்லை, இரண்டாவதில் ஏழு பேர். ஆணுறைக்கு முதலாவது இரண்டு, இரண்டாவது பதின்மூன்று. எந்தத் தடையும் இல்லாவிட்டால் 85 பேர். அட்டைப்பெட்டியில் அச்சடிக்கும் எண் பெரும்பாலும் முதல் கணக்கு. வீட்டில் நடப்பது இரண்டாவது. ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது “இதில் யார் எதை எப்போது ஞாபகம் வைத்திருக்க வேண்டும்?” என்று கேட்டுப் பார்த்தால் இந்த இடைவெளி ஏன் வருகிறதென்று புரியும்.

காப்பர் டி-யில் இந்த இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. போட்டபின் தினமும் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்பதே காரணம். அரசு மருத்துவமனைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. 380ஏ பத்து வருடம் வேலை செய்யும், 375 ஐந்து வருடம். ஹார்மோன் கிடையாது, தாய்ப்பாலுக்குப் பாதிப்பில்லை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம். அதைத் தவறவிட்டால் ஆறு வாரம் கழித்துத்தான் போட வேண்டும். நம் தம்பதி 48 மணி நேரத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆறாவது வாரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இதன் தொந்தரவை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கும், அடிவயிறு வலிக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பிறகு குறைந்துவிடும். ஏற்கெனவே ரத்தசோகை கடுமையாக இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் பேசியாக வேண்டும். “காப்பர் டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும்” என்ற பயம் ஊரில் உண்டு. நெஞ்சுக்குப் போக வழியில்லை. ஆனால் போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது ஆயிரத்தில் ஓரிருவருக்கு நடக்கக்கூடியது, தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல். தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு. பிரசவமான உடனே போட்டவர்களுக்கு அது அதிகம் நடக்கிறது. அதனால்தான் போட்டு நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை அவசியம். பிறகு மாதவிடாய் முடிந்ததும் விரலால் நைலான் நூலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நூல் தட்டுப்படாவிட்டால், அல்லது வழக்கத்தைவிட நீளமாகவோ கெட்டியான முனையோ தட்டுப்பட்டால், போய்க் காட்டும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். காய்ச்சலோடு அடிவயிற்று வலியும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் இருந்தால் அன்றே போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அந்தரா. ஒவ்வொரு தவணைக்கும் 150 மில்லிகிராம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறாவது வாரத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம், அதாவது குழந்தையின் தடுப்பூசி நாளிலேயே. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கவும் கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்து, மூன்று மாதத்துக்கு முன்பே பலன் குறைந்துவிடும். தேதி தவறாமல் போட்டால் தோல்வி மிகமிகக் குறைவு. நடைமுறையில் வருடத்துக்கு 100 பேரில் நான்கு பேர். அந்த வித்தியாசம் முழுக்கத் தவணை தவறியதால் வருவது. நான்கு வாரம்வரை தாமதமானாலும் ஊசி போடலாம். அதற்குமேல் போனால் கர்ப்பம் இல்லையென்று உறுதிசெய்த பிறகுதான் போடுவார்கள்.

இந்த ஊசியைப் பாதியில் விடுவதற்கு முக்கியக் காரணம் மாதவிடாய் மாறுவது. முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக உதிரம் படும். தொடர்ந்து போடப்போட மாதவிடாயே நின்றுபோகும், ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான். “கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே” என்று வீட்டில் பயப்படுவார்கள். அப்படித் தங்குவதற்கு அங்கே ரத்தமே இல்லை. ஊசியின் ஹார்மோன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளரவிடாததால் வெளியேற எதுவும் சேர்வதில்லை. இதை முதல் ஊசிக்கு முன்பே, மாமியாரும் கேட்கும்படி, ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லிவிட்டால் இரண்டாவது தவணைக்கு அந்தப் பெண் தைரியமாக வருவாள். எடை கொஞ்சம் கூடலாம், தலைவலி வரலாம். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து, ஊசியை நிறுத்தியபின் மீளும். ஒரு குறை: காப்பர் டி-யைப்போல இதை வெளியே எடுத்துவிட முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வீரியம் தீரும்வரை பொறுக்க வேண்டும். ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருப்பவர்கள், பக்கவாதமோ மார்பகப் புற்றுநோயோ வந்தவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இதைப் போடக் கூடாது.

மூன்று வருட இடைவெளிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறாவது வாரத்தில் முதல் ஊசி என்றால், எட்டாவது ஊசி குழந்தைக்கு 22 மாதம் நிறைந்து அரை மாதம் ஆகும்போது வரும். அதோடு நிறுத்தினால் 25 மாதத்தைத் தாண்டி வீரியம் தீரும். ஆனால் கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கச் சராசரியாக ஏழு முதல் பத்து மாதம் ஆகும். அதாவது குழந்தைக்கு இரண்டரை வயதை ஒட்டித்தான் அடுத்த கரு தங்கும். பிரசவமாகும்போது மூத்தது மூன்று வயதைத் தாண்டியிருக்கும். காப்பர் டி-யாக இருந்தால், கருத்தரிக்க நினைக்கும் மாதத்தில் எடுத்துவிட்டால் போதும், காத்திருப்பு கிடையாது.

மாத்திரைகளில் நம் தம்பதிக்கு ஏற்றது சாயா. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத மாத்திரை இது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஞாயிறும் புதனும் என்று தொடங்கினால் நான்காவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் வருடத்துக்கு 100 பேரில் ஒன்று முதல் இரண்டு பேர்தான் கர்ப்பமாவார்கள். சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். 15 நாளுக்குமேல் தள்ளினால் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு மாத்திரை மறந்து ஏழு நாளுக்குள் ஞாபகம் வந்தால் உடனே சாப்பிட்டு, அடுத்த மாதவிடாய்வரை ஆணுறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் இது கூடாது. தினமும் சாப்பிடும் மாலா-என் மாத்திரையைத் தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தொடக் கூடாது.

கணவன் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதானே வருகிறான், ஆணுறை போதாதா? பக்கவிளைவு இல்லை, பால்வினை நோயையும் தடுப்பது அது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் கையில்தான் இருக்கிறது. அவன் ஒருநாள் மறுத்தால் அவளுக்கு வேறு காவல் இல்லை. அதில் இருவருக்கும் சந்தேகமில்லை என்றால் ஆணுறை சரி. சந்தேகம் இருந்தால் அவள் கையில் ஒன்று இருப்பது நல்லது. ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிடலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஆபரேஷன் பேச்சு வரும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 37.9 சதவீதத் தம்பதிகளில் பெண் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார். ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம். தோல்விக் கணக்கோ ஆபத்தோ இதற்குக் காரணமாக முடியாது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், முதல் வருடத்தில் ஆயிரத்தில் ஐந்து பேருக்குத் தோற்கிறது. ஆணுக்குக் கத்தியில்லாமல் விதைப்பையில் சிறு துளை போட்டு, மரத்துப்போகும் ஊசியோடு பதினைந்து நிமிடத்தில் முடிகிறது, தோல்வி ஆயிரத்தில் ஒன்றிரண்டு. கொஞ்சம் வீக்கம், ரத்தக்கட்டு, சிலருக்கு நீண்டநாள் வலி வரலாம். ஆண்மை குறைவதில்லை, விந்தும் வெளிவரும், அதில் உயிரணு மட்டும் இருக்காது. ஆனால் அது உடனே நின்றுவிடாது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லையென்று வந்த பிறகே சான்றிதழ் தருவார்கள். பலர் தவறவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான். அடுத்து மனைவி கர்ப்பமானால் பழி விழுவது அவள்மேல்.

இரண்டு ஆபரேஷனுமே நிரந்தரம், திருப்பிச் சேர்க்கலாம் என்ற நம்பிக்கையில் செய்யக் கூடாது. யார் செய்துகொள்கிறாரோ அவர் கையெழுத்துப் போட்டால் போதும், துணையின் கையெழுத்தை அரசு விதி கேட்பதில்லை. ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணோ காப்பர் டி போட்ட பெண்ணோ மாதவிடாய் தள்ளி, ஒரு பக்கம் வயிறு வலித்து, தலைசுற்றினால் “நமக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே” என்று வீட்டில் இருக்கக் கூடாது. கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், போட்ட தேதியையும் சொல்லி, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.