குளிர் ‘செய்யும்’ மொழி

வடக்கு ஸ்பெயினின் உயர்ந்த பீடபூமியில் இருக்கும் புர்கோஸ், குளிருக்குப் பேர்போன ஊர். ஜனவரிக் காலையில் அங்கே கதவைத் திறப்பவர் ‘ஆசே ஃப்ரீயோ’ என்பார். ‘ஆசேர்’ என்றால் செய்தல், ‘ஃப்ரீயோ’ குளிர். குளிர் செய்கிறது! யார் செய்வது என்று தேட வேண்டாம், இந்த வாக்கியத்துக்கு எழுவாயே கிடையாது. உடம்பில் உறைப்பவை பெரும்பாலும் இந்த வினையோடுதான் வரும்: வெக்கை என்றால் ‘ஆசே கலோர்’, வெயில் என்றால் ‘ஆசே சோல்’.

அதே ஆள் தெருவைப் பார்க்கிறார். எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி. இப்போது வினை மாறிவிடும்: ‘அய் நியேப்லா’, அதாவது மூடுபனி உண்டு. ‘அய்’ என்பது ‘ஆபேர்’ வினையின் வடிவம். கண்முன்னே இருக்கும் ஒன்றைச் சொல்வது. மூடுபனி விலகியதும் அண்ணாந்து பார்த்து ‘எஸ்தா நுப்லாதோ’ என்பார்: மேகமூட்டமாக இருக்கிறது. வானத்தின் அப்போதைய நிலையைச் சொல்ல ‘எஸ்தார்’. மழைக்கும் பனிப்பொழிவுக்கும் தனி வினைகள் இருப்பதால் இந்த மூன்றும் தேவைப்படுவதில்லை.

எல்லைகள் அவ்வளவு கறாரானவை அல்ல. வெயிலை ‘அய் சோல்’ என்றும் சொல்வதுண்டு. ஆனால் ‘எஸ்தா சோல்’ என்றால் பிழை. காரணம், ‘எஸ்தா’வுக்குப் பின்னே இங்கே வர வேண்டியது பெயரடை, ‘சோல்’ பெயர்ச்சொல். ‘ரொம்ப’ என்று சேர்க்கும்போதும் இதே வேறுபாடுதான் வழிகாட்டும். பெயர்ச்சொல்லுக்கு ‘முச்சோ’: ‘ஆசே முச்சோ ஃப்ரீயோ’. பெயரடைக்கு ‘முய்’: ‘எஸ்தா முய் நுப்லாதோ’. புதிதாகக் கற்பவர்கள் ‘ஆசே முய் ஃப்ரீயோ’ என்று சொல்லிவிடுவதுண்டு. கேட்பவருக்குப் புரியும், ஆனால் உறுத்தும்.

தனக்குக் குளிர்வதைச் சொல்ல நான்காவது வினை ஒன்று வருகிறது. ‘தெங்கோ ஃப்ரீயோ’: என்னிடம் குளிர் இருக்கிறது. ஊருக்கு ‘ஆசே’, ஆளுக்கு ‘தெங்கோ’, தொட்டுப் பார்க்கும் பொருளுக்கு ‘எஸ்தா’. சூப் சூடாக இருந்தால் அது ‘எஸ்தா கலியெந்தே’. இந்தக் கடைசி வடிவத்தை மட்டும் தன்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. செவில்லாவின் கோடையில் வியர்த்து வழியும்போது ‘எஸ்தோய் கலியெந்தே’ என்றால், காம வேட்கையில் இருப்பதாகத்தான் பொருள்படும். சொல்ல வேண்டியது ‘தெங்கோ கலோர்’.

வெப்பமானியின் கணக்கைச் சொல்ல இரண்டு வழிகள். ‘ஆசே குவாரெந்தா க்ராதோஸ்’ என்றால் 40 பாகை வெப்பம். இன்னொன்று ‘எஸ்தாமோஸ் ஆ குவாரெந்தா க்ராதோஸ்’: நாம் 40 பாகையில் இருக்கிறோம். புர்கோஸ்காரருக்கு ஜனவரியில் அது ‘எஸ்தாமோஸ் ஆ தோஸ் பாஹோ சேரோ’, பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை.