அளவு ஜாக்கெட்டும் சேர்ந்து வரட்டும்

“வணக்கம் அக்கா. இனி ஜாக்கெட் தைக்க நீங்கள் கடைக்கு வந்து அலைய வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் சொல்லலாம். துணியை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம், தைத்ததும் கொண்டுவந்து தருகிறோம். துணியோடு, இப்போது உங்களுக்குச் சரியாக இருக்கிற அளவு ஜாக்கெட் ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். கழுத்து இறக்கத்தை இஞ்ச் கணக்கில் எழுதுங்கள். கட்ட வேண்டிய தேதியையும் சொல்லிவிடுங்கள்.”

தெருமுனைத் தையல் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால், வீட்டுக்கே வந்து தருவார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் ஜாக்கெட் நன்றாக அமைவது கடைசி மூன்று வரிகளில் இருக்கிறது. கடையில் நேரில் நிற்கும்போது தையற்காரர் நம்மைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொள்வார், மீதியைக் கேட்டுக்கொள்வார். வீட்டிலிருந்து ஆர்டர் தரும்போது அதையெல்லாம் நாம்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

அளவு ஜாக்கெட்டை ஏன் கேட்கிறார்கள்? வீட்டில் நாமே டேப் பிடித்தால் ஒருமுறை இறுக்கிப் பிடிப்போம், மறுமுறை தளர்த்திப் பிடிப்போம். தோள்பட்டையையும் கைக்குழியையும் தனக்குத்தானே அளப்பது இன்னும் சிரமம். தைத்த ஜாக்கெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. கொக்கிகளை மாட்டி மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளக்கிறார்கள். அது 17 இஞ்ச் இருந்தால் மார்புச் சுற்று 34. உயரம், தோள், கை நீளம், கைச் சுற்று எல்லாம் அதே ஜாக்கெட்டிலிருந்து கிடைத்துவிடும்.

இதிலும் ஒரு தவறு நடக்கும். அந்த 34 இஞ்ச் ஜாக்கெட் இரண்டு வருடம் பழையது, இப்போது கொக்கி போட இழுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொல்லாமல் கொடுத்தனுப்பினால் புதியதும் அதே இறுக்கத்தில்தான் வரும். “மார்பில் ஒரு இஞ்ச் லூசாக வையுங்கள்” என்று ஒரு வரி எழுதினால் 35-க்கு வெட்டிவிடுவார்கள்.

எழுத மறந்திருந்தாலும் இந்த ஒரு இஞ்ச்சைச் சரிசெய்ய வழி உண்டு. நல்ல தையற்காரர் பக்கத் தையலுக்கு உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார். வெளித்தையலுக்குக் கால் இஞ்ச் உள்ளே இருக்கும் தையலைப் பிரித்தால், முன்பக்கத் துணியில் கால், பின்பக்கத் துணியில் கால் என ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் கூடும். இரண்டு பக்கமும் பிரித்தால் மொத்தம் ஒரு இஞ்ச். ஆனால் ஆழமாக வெட்டிவிட்ட கழுத்தைத் திரும்ப ஏற்ற முடியாது. தோளும் உயரமும் குறைவாக வெட்டியிருந்தால் ஒட்டுப்போட்டால்தான் உண்டு.

அதனால்தான் கழுத்துக்குப் படம் மட்டும் போதாது. ஒரு நடிகை போட்டிருக்கும் பின்கழுத்து மாடலை அனுப்புகிறீர்கள். வட்டமா, பானைக் கழுத்தா என்பதைப் படம் காட்டும், எத்தனை இஞ்ச் இறக்கம் என்பதைக் காட்டாது. 14 இஞ்ச் உயர ஜாக்கெட்டில் 9 இஞ்ச் இறக்கினால் முதுகில் 5 இஞ்ச் துணி மிஞ்சும். உயரம் 13 என்றால் மிஞ்சுவது 4 இஞ்ச்தான். உங்களுக்குப் பிடித்த ஜாக்கெட்டின் கழுத்தை அளந்து, “முன் 6, பின் 8” என்பதுபோல எழுதிவிடுங்கள்.

துணியைக் கொடுக்கும்போதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கும். மேல்துணி பட்டாக இருந்து உள்ளே லைனிங் மட்டும் சுருங்கினால், மேலே துணி உப்பிக்கொண்டு நிற்கும். லைனிங்கை முன்பே நனைத்துக் காயவைத்தாயிற்றா, கடையில் நனைக்க வேண்டுமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். துணியை வாங்க வருபவர் முன்னிலையில் துணி, லைனிங், அளவு ஜாக்கெட் மூன்றையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் அதுவே ரசீதாகிவிடும்.

கடைக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாக அனுப்பும் செய்தி, அந்தக் கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பல வருட வாடிக்கையாளராக இருந்தாலும் எண்ணைச் சேமிக்கவில்லை என்றால் அவருக்குச் செய்தி கிடைக்காது. கடையில் எண் எழுதிய அட்டை மாட்டி, வருபவர்களைச் சேமித்துக்கொள்ளச் சொல்வது நல்லது.

ஜாக்கெட் வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிடாமல் அன்றே போட்டுப் பாருங்கள். கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா, கையை உயர்த்தினால் அக்குளில் இழுக்கிறதா, தோள் நழுவுகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் பக்கத் தையலைப் பிரித்தால் சரியாகும். தோள் நழுவினால் கழுத்து அகலமாகிவிட்டது என்று பொருள். பின்கழுத்தில் கயிறு வைத்துக் கட்டி ஓரளவு சமாளிக்கலாம். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே ஜாக்கெட் கைக்கு வரும்படி தேதி சொல்லியிருந்தால், இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.