டாக்குமென்டாக அனுப்பிய வீடியோ

மூன்று நிமிடத் தில்லானா. அரங்கேற்ற மேடைக்கு முன்வரிசையிலிருந்து நல்ல போனில் எடுத்தது. போனில் பார்த்தால் சேலையின் ஜரிகைக் கோடுகள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. அதையே வாட்ஸ்அப்பில் எடிட்டருக்கு அனுப்பினால் ஜரிகை வெறும் மஞ்சள் பட்டையாகிவிடுகிறது. அடவு வேகமெடுக்கும் இடங்களில் கால்களைச் சுற்றிப் படம் கட்டங்கட்டமாக உடைகிறது.

இந்தச் சேதம் வழியில் ஏற்படுவதில்லை, நம் போனிலேயே ஏற்படுகிறது. வாட்ஸ்அப்பில் செய்திகளைத் திறக்கும் சாவி அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் மட்டுமே இருக்கிறது. நடுவிலுள்ள சர்வரால் வீடியோவைத் திறந்து பார்க்கவே முடியாது, பிறகு எப்படிச் சுருக்கும்? ஆகவே பூட்டுவதற்கு முன்பே, அனுப்புபவரின் போன் அதைச் சுருக்கிவிடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமையும் விரித்து, அளவைக் குறைத்து, மறுபடி குறைந்த டேட்டாவுக்குள் அடைக்கிறது. 1920×1080 என்று எடுத்த படம் 848×480 ஆனால், புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 2023-ல் வந்த எச்டி தேர்வு 720 வரை போகிறது. அதிலும் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

கேமரா எடுத்த கோப்பும் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே மாறியதை மட்டும் குறித்துவைத்து, கண்ணுக்கு எளிதில் தெரியாதவற்றைக் கேமரா விட்டுவிடுகிறது. இரண்டாம் முறை சுருக்கும்போது, எஞ்சியதிலிருந்தும் இன்னொரு பகுதி கழிகிறது. அசைவு அதிகமுள்ள இடத்தில்தான் குறித்துவைக்க வேண்டியதும் அதிகம். நடனத்தில் கால்கள் முதலில் அடிபடுவது அதனால்தான்.

அதே வீடியோவை இணைப்புப் பட்டியலில் டாக்குமென்ட் என்பதை அழுத்தி அனுப்பினால், செயலி அதை வீடியோவாக நடத்துவதில்லை. பிடிஎஃப் கோப்பைப் போலவே, உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே பூட்டி ஏற்றுகிறது. மறுமுனையில் ஒரு பைட்கூட மாறாமல் இறங்கும். சரிபார்ப்பதும் எளிது: இரண்டு போன்களிலும் கோப்பின் அளவைப் பாருங்கள், ஒன்றாக இருக்கும். வழக்கமான முறையில் அனுப்பிய வீடியோ ஆண்ட்ராய்டில் VID-20240512-WA0003.mp4 என்பதுபோல, நடுவில் WA என்ற எழுத்துகளோடு சேமிக்கப்படும். அப்படிப் பெயர் கொண்ட கோப்பைப் பிறகு டாக்குமென்டாக அனுப்பிப் பயனில்லை. போன தரம் போனதுதான். எடுத்தவரின் போனிலிருந்தே வாங்க வேண்டும்.

2022 முதல் இப்படி 2 ஜிபி வரை அனுப்பலாம். ஆனால் சுருக்கும் வேலை செயலியின் விஷமம் அல்ல, பெறுபவரின் சுமையைக் குறைப்பதற்காக வந்தது. அதைத் தவிர்த்தால் அந்தச் சுமை அவர் தலையில் விழுகிறது.

நம் தில்லானாவையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 380 எம்பி. அப்லோடு வேகம் 5 மெகாபிட் என்றால் ஏற்றவே பத்து நிமிடம் ஆகும். நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா வைத்திருப்பவருக்கு நான்கில் ஒரு பங்கு காலி. ஆண்ட்ராய்டில் அனுப்பிய டாக்குமென்டின் நகல் Sent என்ற ஃபோல்டரிலும் தங்குவதால், அனுப்பியவர் போனிலும் இடம் இருமடங்கு போகிறது. நாற்பது பேர் உள்ள குடும்பக் குழுவில் போட்டு எல்லோரும் இறக்கினால், மொத்தம் 15 ஜிபி.

பார்ப்பதும் அவ்வளவு வசதியாக இருக்காது. சாதாரண வீடியோ இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஓடத் தொடங்கும். டாக்குமென்ட் முழுவதும் இறங்கிய பிறகே திறக்கும். கேலரியிலும் பெரும்பாலும் வராது, ஃபைல் மேனேஜரில் தேட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, புதிய போன்கள் பயன்படுத்தும் எச்ஈவிசி என்ற பதிவுமுறை. செயலி மறுசுருக்கம் செய்யும்போது பழைய போன்களுக்கும் பொருந்தும் முறைக்கு மாற்றிவிடுகிறது. மூலக்கோப்பை அப்படியே அனுப்பினால், பெரியம்மாவின் பழைய போனில் சத்தம் மட்டும் கேட்கும், திரை கறுப்பாகவே இருக்கும். குழுவுக்குச் சாதாரணமாகவும், வெட்டி ஒட்டப்போகும் எடிட்டருக்கு மட்டும் டாக்குமென்டாகவும் அனுப்புவதே சரி என்பது என் கருத்து.

இன்னொன்றும் கோப்போடு சேர்ந்தே போகிறது. கேமராவில் இருப்பிடப் பதிவு இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். மறுசுருக்கத்தில் இது பெரும்பாலும் உதிர்ந்துவிடும், டாக்குமென்டில் உதிராது. சபாவில் எடுத்ததென்றால் பாதகமில்லை. வீட்டு முற்றத்தில் குழந்தை ஆடியதை அறிமுகமில்லாதவருக்கு இப்படி அனுப்பினால், வீட்டு முகவரியையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். அத்தகைய வீடியோவை எடுப்பதற்கு முன்பே கேமரா அமைப்புகளில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட வேண்டும்.