சதுர அடி ரேட்டுக்குள் என்ன இருக்கிறது?

மனை வாங்கி முடித்த கையோடு யாரும் கேட்கும் முதல் கேள்வி, “இப்போ சதுர அடி என்ன ரேட்டு போகுது?” என்பதுதான். பிளான் இருக்காது, மண் எப்படி என்று தெரியாது, எத்தனை அறை என்பதே வீட்டுக்குள் இன்னும் முடிவாகியிருக்காது. ஆனாலும் பேங்கில் எவ்வளவு கடன் கேட்பது, நகையை அடகு வைக்க வேண்டுமா என்பதற்கு ஒரு தொகை உடனே தேவை. அந்த நேரத்தில் பரப்பை ரேட்டால் பெருக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதில் தப்பும் இல்லை. மத்திய பொதுப்பணித் துறையே கட்டடங்களின் முதல் மதிப்பீட்டுக்கு இதைத்தான் செய்கிறது. ‘பிளிந்த் ஏரியா ரேட்’ என்ற பெயரில், கட்டட வகை வாரியாகச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அது புத்தகமே வெளியிடுகிறது. (ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி.)

அரசுப் புத்தகத்துக்கும் டீக்கடைப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம், ரேட்டுக்குள் என்னென்ன அடக்கம் என்பது புத்தகத்தில் எழுதியிருக்கும் என்பதுதான். கட்டடத்துக்கு ஒரு அடிப்படை ரேட். தளத்தின் உயரம் கூடினால் அதற்குத் தனியாகக் கூட்ட வேண்டும். உள் மின்சாரம், தண்ணீர்க் குழாய் வேலைகளுக்குக் கட்டடச் செலவில் இத்தனை சதவீதம். ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும் விலையைச் சரிக்கட்ட ஒரு விலைக் குறியீடு. நம் பக்கத்துத் தெரு வீட்டின் ரேட்டில் இந்த விவரம் எதுவும் இருக்காது. நாமே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்ப்போம். புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். மைத்துனர் 2 வருடத்துக்கு முன் 1,200 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டினார். மொத்தம் 36 லட்சம் ஆனது. வகுத்தால் சதுர அடிக்கு 3,000. நாம் கட்டப்போவது 900 சதுர அடி. அப்படியானால் 27 லட்சம் போதும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

இப்போது மைத்துனரின் செலவு நோட்டைத் திறக்கலாம். 160 அடி காம்பவுண்டு சுவருக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். போர்வெல்லுக்கு ஒன்றரை லட்சம். 10,000 லிட்டர் சம்ப்புக்கு 2 லட்சம். பிளான் அப்ரூவல், மின் இணைப்புக்கு ஒரு லட்சம். மாடுலர் கிச்சன், அலமாரிகளுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம். ஆகமொத்தம் 9 லட்சம். இவற்றில் எதுவுமே வீட்டின் பரப்பைப் பொறுத்தது அல்ல. காம்பவுண்டுக்கு மனையின் சுற்றளவு கணக்கு, போர்வெல்லுக்கு ஆழம், சம்ப்புக்கு லிட்டர். வீட்டைச் சின்னதாகக் கட்டுகிறோம் என்பதற்காகத் தண்ணீர் மேலே வந்துவிடப் போவதில்லை. ஆக, வீட்டுக்கு மட்டும் ஆனது 27 லட்சம். உண்மையான ரேட் 2,250.

இந்த 2,250தான் நமக்கு உபயோகமான எண். ஆனால் அதை அப்படியே எடுக்க முடியாது. 2 வருடத்தில் விலையும் கூலியும் 10 சதவீதம் ஏறியிருப்பதாக வைத்தால் 2,475. வீடு சிறியது என்பதற்காக இன்னும் 5 சதவீதம் கூட்டிச் சுமார் 2,600 என்று வைக்கிறேன். சின்ன வீட்டுக்கு ஏன் கூடுதல் என்று கேட்கலாம். 1,200 சதுர அடி வீட்டிலும் ஒரு சமையலறை, இரண்டு பாத்ரூம். 900 சதுர அடியிலும் அதேதான். டைல்ஸ், குழாய், கதவு, வாட்டர்ப்ரூஃபிங் என்று பணம் செறிந்து கிடப்பது அங்கேதான். பரப்பைக் குறைக்கும்போது நாம் குறைப்பது பெரும்பாலும் ஹாலையும் படுக்கையறையையும். அவை வீட்டிலேயே மலிவான இடங்கள்.

900ஐ 2,600ஆல் பெருக்கினால் 23 லட்சத்து 40 ஆயிரம். இனி வெளி வேலைகளை அதனதன் அளவில் போட வேண்டும். நம் மனை 40க்கு 50. இரண்டு பக்கம் அண்டை வீட்டார் சுவர் கட்டிவிட்டார்கள். மிச்சம் 90 அடி, அடிக்கு 2,200 என்றால் 1 லட்சத்து 98 ஆயிரம். நம் பகுதியில் தண்ணீர் ஆழம், போர்வெல்லுக்கு இரண்டரை லட்சம். 6,000 லிட்டர் சம்ப், லிட்டருக்கு 22 ரூபாய் வீதம் 1 லட்சத்து 32 ஆயிரம். அப்ரூவல், மின் இணைப்பு ஒரு லட்சம், கிச்சன் ஒன்றரை லட்சம். இவை 8 லட்சத்து 30 ஆயிரம். மொத்தம் 31 லட்சத்து 70 ஆயிரம். முதலில் போட்ட மனக்கணக்கு 4 லட்சத்து 70 ஆயிரம் குறைவாக இருந்திருக்கிறது. அந்தப் பணம்தான் பூச்சு வேலை நடக்கும்போது கைமாற்றாக வாங்க வேண்டி வரும்.

எந்தப் பரப்பை வைத்துப் பெருக்குகிறோம் என்பதும் முக்கியம். 30க்கு 30 அடி வீட்டில் சுற்றுச்சுவர் 9 அங்குலம் என்றால், வெளிச்சுவரைக் கழித்த உள் அளவு இருபத்தெட்டரைக்கு இருபத்தெட்டரை. அதாவது 812 சதுர அடிதான். ரெரா சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியா ஏறக்குறைய இதுதான். உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவர் சேராது. அதே 23 லட்சத்து 40 ஆயிரத்தை 900ஆல் வகுத்தால் 2,600, 812ஆல் வகுத்தால் 2,880. செலவில் ஒரு பைசாகூட மாறவில்லை. இரண்டு கான்ட்ராக்டர்களின் ரேட்டை ஒப்பிடும் முன், போர்டிகோவை முழுதாகக் கணக்கில் எடுக்கிறார்களா பாதியாகவா, மாடிப்படி ஹெட்ரூம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். ரேட்டைக் குறைத்துச் சொல்லிப் பரப்பைக் கூட்டி அளப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

வீட்டின் வடிவமும் ரேட்டை மாற்றும். அதே 900 சதுர அடியைக் கீழே 450, மாடியில் 450 என்று பிரித்தால் என்ன ஆகும்? 30க்கு 30 வீட்டுக்கு வெளிச்சுவர் 120 அடி. 18க்கு 25 அளவில் இரண்டு தளம் என்றால் தளத்துக்கு 86 அடி, மொத்தம் 172 அடி. பத்தடி உயரத்தில் 520 சதுர அடி சுவர் கூடுதல். அதற்குச் செங்கல், இருபுறப் பூச்சு, பெயிண்ட் எல்லாம் உண்டு. அஸ்திவாரமும் மொட்டை மாடித் தட்டோடும் குறையும், வாஸ்தவம்தான். ஆனால் மாடிப்படி இரண்டு தளத்திலும் இடத்தைத் தின்றுவிடும். தரைத்தள வீட்டின் ரேட்டை மாடி வீட்டுக்குப் போட்டால், தொகை கிட்டத்தட்டச் சரியாக வந்தாலும், கையில் கிடைக்கும் இடம் குறைந்திருக்கும்.

இந்த முறையால் சுத்தமாகப் பிடிக்க முடியாதது மண். மைத்துனர் மனை செம்மண், நம்முடையது கரிசல் என்றால் மேலே போட்ட அஸ்திவாரச் செலவு அடிபட்டுப் போகும். கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வழக்கமான ஆழத்தில் அதை நம்பி நிறுத்த முடியாது. பைல் போடச் சொல்லலாம், கிரேடு பீம் கேட்கலாம். தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கும் மனையும் இப்படித்தான். கிராவல் அடித்து உயர்த்தும் செலவு எந்தச் சதுர அடி ரேட்டிலும் இருக்காது.

அதனால் பிளான் இல்லாத நிலையில் ஒற்றைத் தொகையாகச் சொல்ல மாட்டேன். 32 லட்சத்திலிருந்து 36 லட்சம் வரை என்பேன். கரிசலானால் அதற்கும் மேலே. பிளானும் கம்பி டிராயிங்கும் வந்த பிறகு, மண் எடுப்பு, கான்கிரீட், கட்டு வேலை, பூச்சு என்று ஒவ்வொன்றாக அளந்து விரிவான எஸ்டிமேட் போட வேண்டும். அதுவரை மேலே உள்ள 4 லட்சத்தை டைல்ஸுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஒதுக்காமல் வைத்திருப்பது நல்லது.