சுவரில்லாமல் இரண்டு அறை

அடுக்குமாடி வீடுகளின் பிளானில் ‘லிவிங், டைனிங்’ இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீள்செவ்வகம்தான் இருக்கும். சாவி கைக்கு வந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் சோபா ஒரு சுவரோடும், டிவி எதிர்ச்சுவரிலும் போய்விடும். சாப்பாட்டு மேசைக்கு மிஞ்சிய மூலைதான். சாமான்கள் எல்லாம் சுவரோரம் ஒதுங்க, நடுவில் ரயில் பெட்டி போல நீளமாக ஒரு காலியிடம்.

இதைப் பிரிக்க மரத்தடுப்போ ஜாலியோ தேவையில்லை. சோபாவின் முதுகும், விரிப்பும், மேசைக்கு மேல் ஒரு விளக்கும் போதும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் முடிவுசெய்ய வேண்டியது நடைபாதை. வாசலிலிருந்து சமையலறைக்கும் படுக்கையறைக்கும் ஆட்கள் எந்த வழியாகப் போவார்கள்? அந்த வழிக்கு 3 அடி அகலம் விட்டால், அதுவே இரண்டு பகுதிகளுக்கும் எல்லைக்கோடு ஆகிவிடும்.

22 அடி நீளம், 11 அடி அகலம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் பால்கனி, மறுமுனையில் சமையலறை. வாசல் நீளச்சுவரின் நடுவில், டிவி இருக்கும் அதே பக்கம். பால்கனிப் பக்கம் 12 அடி உட்காரும் இடம், அடுத்த 3 அடி நடைபாதை, மீதி 7 அடி சாப்பிடும் இடம்.

மூவர் அமரும் 7 அடி சோபா, டிவியைப் பார்த்தபடி எதிர்ச்சுவரோடு இருக்கட்டும். பால்கனிக் கதவைத் திறக்க 2 அடி விட்டுவிட வேண்டும். 5 அடி அகலமுள்ள இருவர் சோபாவை மட்டும் சுவரிலிருந்து பிரித்து, முதுகு சாப்பாட்டுப் பக்கம் இருக்கும்படி ‘ட’ வடிவில் திருப்பிப் போடுவதுதான் இங்கே முக்கியம். வாசலில் நுழைகிறவர் அந்த முதுகைப் பார்த்ததுமே அதற்கு அப்பால் உட்காரும் இடம் என்று புரிந்துகொள்வார். முதுகு இரண்டேமுக்கால் அடி உயரத்துக்குள் இருந்தால் பார்வை தடைபடாது. 4 அடியைத் தாண்டும் அலமாரியை அங்கே வைத்தால், உட்கார்ந்திருப்பவருக்கு அது சுவர்தான்.

ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த சோபாக்களில் முன்பக்கம் நல்ல துணி இருக்கும். பின்பக்கம் மெல்லிய கறுப்புத் துணியை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருப்பார்கள். சுவரோடு கிடந்தால் தெரியாது, நடுவில் போட்டால் முதலில் தெரிவது அதுதான். கடையில் சோபாவைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

விரிப்பு சோபாக்களின் முன்கால்கள் ஏறி நிற்கும் அளவுக்காவது இருக்க வேண்டும். டீபாய்க்கு அடியில் மட்டும் கிடக்கும் சிறு விரிப்பு எதையும் பிரிக்காது. பவானி ஜமுக்காளம் இதற்கு நன்றாகப் பொருந்தும். அதன் பட்டைக் கோடுகளே எல்லையைக் காட்டிவிடும். வழவழப்பான டைல்ஸில் வழுக்குமென்பதால் அடியில் ரப்பர் வலை போடவேண்டும். சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் விரிப்பு போடச் சொல்லும் வெளிநாட்டு யோசனையை நம் வீடுகளில் மறந்துவிடலாம். சோற்றுப் பருக்கையும் ரசமும் சிந்தும் இடம் அது.

மேசையை நடுவில் போட்டால் நாற்காலியை இழுத்து எழ இரு பக்கமும் 3 அடி வேண்டும். இந்த ஹாலில் அது சமையலறைக்குப் போகும் வழியை அடைத்துவிடும். அதனால் டிவிக்கு எதிர்ச்சுவரோடு ஒன்றரை அடி பெஞ்ச், அதையடுத்து இரண்டரை அடி அகல மேசை, இந்தப் பக்கம் நாற்காலிகளுக்கு 3 அடி. மொத்தம் 7 அடி போக, 4 அடி வழி மிஞ்சுகிறது.

மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு, மேசைப் பலகையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் வெளிச்சம் மேசையோடு நிற்கும், கண்ணிலும் அடிக்காது. மஞ்சள் ஒளி, அதாவது 2700 முதல் 3000 கெல்வின், சாப்பாட்டுக்கு நல்லது. இதற்குத் தனி சுவிட்ச் அவசியம். ஹால் டியூப்லைட்டை அணைத்து இதை மட்டும் போட்டால்தான் பிரிவு முழுமையாகத் தெரியும். சிக்கல் மின்விசிறியில் வரும். 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி நீளும். பக்கத்தில் ஒயரில் தொங்கும் விளக்கு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். கம்பியில் தொங்கும் வகையோ, சுவரிலிருந்து நீளும் விளக்கோ அங்கே சரிப்படும்.

தரையையே தாழ்த்திப் பிரித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஈரோ சாரினென் வடிவமைத்து 1957இல் முடிந்த மில்லர் வீட்டில், உட்காரும் இடம் தரைமட்டத்துக்குக் கீழே சதுரக் குழியாக இறங்குகிறது. அடுக்குமாடியில் அதற்கு வழியில்லை. கீழ்வீட்டுக்காரரின் கூரை அது.

இந்தப் பிரிவு கண்ணுக்கு மட்டும்தான். மிக்ஸி சத்தமும் மிளகாய் தாளிக்கும் நெடியும் சோபாவைத் தாண்டி வரத்தான் செய்யும். அதற்குச் சமையலறைக் கதவும் எக்ஸாஸ்ட் விசிறியும்தான் தீர்வு. சாமான்களுக்கு முன்பணம் கொடுக்கும் முன், பழைய செய்தித்தாள்களை சோபா, மேசை அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்துப் பாருங்கள். நாற்காலியை இழுத்து ஒருவர் உட்கார, அவர் பின்னால் இன்னொருவர் குழம்புப் பாத்திரத்தோடு இடிக்காமல் போக முடிகிறதா என்று நடந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.