பாதி மூடிய வால்வு அழுத்தத்தைக் குறைக்காது

உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளங்களில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து வாஷ்பேசினைத் தாண்டிச் சட்டையை நனைக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் டக்ட்டுக்குள் கையை விட்டு, வீட்டுக்கு வரும் லைனில் உள்ள வால்வைப் பாதி மூடுகிறார். “சார், கொஞ்சம் மூடி வச்சிருக்கேன், இனிமே பிரஷர் வராது” என்று சொல்லிவிட்டுப் போகிறார். திறந்து பார்த்தால் உண்மையிலேயே சீறல் அடங்கியிருக்கிறது. ஆனால் சில மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாளில், வாஷ்பேசினுக்கு அடியில் உள்ள கனெக்‌ஷன் பைப் வெடிக்கிறது.

பிளம்பர் குறைத்தது ஓட்டத்தை. அழுத்தம் அப்படியேதான் இருந்தது. தண்ணீர் ஓடும்போதுதான் குறுகலான வழி அதைத் தடுக்கும். குழாயை மூடி ஓட்டம் நின்றுவிட்டால், அந்தக் குறுகலான இடைவெளி வழியாகவே இரு பக்க அழுத்தமும் சில நொடிகளில் சமமாகிவிடும். கல்யாண மண்டபத்தின் வாசல் எவ்வளவு குறுகலாக இருந்தாலும், பந்தி நகராமல் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் நெரிசலும் வெளியே இருக்கும் நெரிசலும் ஒன்றுதான். வால்வை முழுவதும் மூடினால்தான் கணக்கு மாறும். அப்போது தண்ணீரே வராது.

கீழ்த்தளத்துக் குழாய்களைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படி நிற்கும் தண்ணீர்தான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் அழுத்தம் உயரத்தால் வருகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை வைத்தது போல அழுத்தும். பிளம்பர்கள் “அஞ்சு கிலோ பிரஷர்” என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். கீசரின் மேல் அச்சிட்டிருக்கும் ‘பார்’ என்ற அளவும் ஏறக்குறைய இதே கிலோதான்.

20 மாடிக் கட்டடம் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். தளத்துக்குத் தளம் 3 மீட்டர். தொட்டியின் நீர்மட்டம் மொட்டைமாடித் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குழாய்கள் அந்தந்தத் தளத்தின் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். 20-ஆம் தளத்துக் குழாய்க்கு மேலே 6 மீட்டர் தண்ணீர்தான் நிற்கிறது, அதாவது அரை கிலோவுக்குச் சற்று மேல். ஷவர் இன்னும் உயரத்தில் இருப்பதால் அதற்கு இதுவும் முழுதாகக் கிடைக்காது. மேல் இரண்டு மூன்று தளங்களுக்குத் தனியாக பூஸ்டர் பம்ப் வைப்பது இதனால்தான். 10-ஆம் தளத்தில் 36 மீட்டர், 3.6 கிலோ. முதல் தளத்தில் 63 மீட்டர், 6.3 கிலோ.

வீட்டுக் குழாய்கள், ஷவர், மிக்சர் எல்லாம் நிம்மதியாக வேலை செய்ய ஒன்றரையிலிருந்து மூன்றரை கிலோ போதும். 6.3 வந்தவுடன் எல்லாம் சிதறிவிடாது. சிபிவிசி பைப் குளிர்ந்த நீரில் இதைப் போலப் பல மடங்கைத் தாங்கும். பலவீனம் கடைசி ஓரடியில் இருக்கிறது: கனெக்‌ஷன் பைப்புக்குள் இருக்கும் ரப்பர் குழல், ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ், ஃப்ளஷ் டேங்க்கின் மிதவை வால்வு, குழாயின் வாஷர். கீசர்களிலும் வித்தியாசம் உண்டு. சேமிப்பு வகைக் கீசர்கள் பலவற்றில் தாங்கும் அளவு 8 பார் என்று போட்டிருக்கும். சிறிய இன்ஸ்டன்ட் கீசர்கள் பலவற்றில் 6.5 பார்தான். முதல் தளத்தின் 6.3 கிலோவுக்கு அது மயிரிழை இடைவெளி. வாஷிங் மெஷின் தன் வால்வை ‘டக்’கென்று மூடும்போது ஓடிவந்த தண்ணீர் முட்டி, நொடிப்பொழுதுக்கு அழுத்தம் இன்னும் எகிறும். அந்த எகிறலுக்கு இங்கே இடமே இல்லை.

அழுத்தம் உச்சத்தில் இருப்பது எப்போது? ஊரே தூங்கும்போது. காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும். ஓடும் நீர் பைப்பில் உரசியே கொஞ்சம் அழுத்தத்தை இழந்துவிடும். நள்ளிரவில் அந்த இழப்பு இல்லை. 6.3 என்றால் முழு 6.3 கிலோவும் முதல் தளத்து ஹோஸ்களின் மேல் மணிக்கணக்கில் நிற்கும்.

ஆகவே வேண்டியது, தண்ணீர் நிற்கும்போதும் மேலிருந்து வரும் அழுத்தத்தைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும் வால்வு. அதுதான் பி.ஆர்.வி. என்று எல்லோரும் சொல்லும் அழுத்தக் குறைப்பு வால்வு. வெளியிலிருந்து பார்த்தால் மணி கவிழ்த்தது போலத் தலை வைத்த பித்தளைத் துண்டு. அந்தத் தலைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதற்குக் கீழே ரப்பர் சவ்வு. சவ்வோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் அடைப்பான். ஸ்பிரிங் சவ்வைக் கீழே தள்ளி வழியைத் திறக்கப் பார்க்கும். வெளியேறும் பக்கத்துத் தண்ணீர், அதாவது வீட்டுப் பக்கத் தண்ணீர், சவ்வை மேலே தள்ளி வழியை மூடப் பார்க்கும். வீட்டில் குழாயைத் திறந்தால் அந்தப் பக்க அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், வழி திறக்கும். குழாயை மூடினால் வீட்டுப் பக்கத்தில் அழுத்தம் ஏறும். அது 2.5 கிலோவைத் தொட்டவுடன் சவ்வு மேலேறி அடைப்பானை அதன் இருக்கையில் இறுக்கிவிடும். அப்புறம் மேலே 6.3 கிலோ நின்றாலும் ஒரு சொட்டுகூட உள்ளே வரக் கூடாது. தலையில் உள்ள திருகை இறுக்கினால் ஸ்பிரிங்கின் பலம் கூடும், வீட்டுக்கு வரும் அழுத்தமும் கூடும், தளர்த்தினால் குறையும். மின்சாரம் ஏதும் வேண்டாம்.

இந்த வால்வை எங்கே வைப்பது என்பதில்தான் சங்கங்களில் சண்டை தொடங்கும். நம் கட்டடத்தில் 1 முதல் 10 வரையுள்ள தளங்களுக்கு இறங்கும் லைனில், 10-ஆம் தளத்து டக்ட்டில் ஒரே ஒரு வால்வு வைத்து ஒரு கிலோவுக்கு அமைத்திருப்பதாகக் கொள்வோம். வால்வுக்குப் பிறகும் உயரம் தன் வேலையைச் செய்யும். 10-ஆம் தளத்தில் ஒரு கிலோ என்றால், 27 மீட்டர் கீழே உள்ள முதல் தளத்தில் 3.7 கிலோ. கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் சமாளிக்கலாம். இந்த வால்வுக்கு இன்னொரு குணம் உண்டு: நிற்கும் நீரில் ஒரு கிலோ காட்டினாலும், எல்லா வீட்டிலும் தண்ணீர் ஓடும்போது அதற்குக் கீழே இறங்கும். காலையில் 10-ஆம் தளத்து ஷவர் சொட்டுகிறது. அவர் புகார் கொடுக்கிறார். பிளம்பர் திருகை இரண்டு சுற்று இறுக்குகிறார். 10-ஆம் தளத்துக்கு இப்போது 2 கிலோ, அவருக்குத் திருப்தி. முதல் தளத்தில் 4.7 கிலோ ஆகிவிட்டது. அங்கே ஹோஸ் போகும்போது இந்த இரண்டு சுற்று யாருக்கும் நினைவிருக்காது.

என் கருத்தில், ஒரு வால்வின் கீழ் பத்துத் தளங்களைத் தொங்கவிட்டதே தவறு. ஐந்து ஐந்தாகப் பிரித்தால் கணக்கு சுகமாகிறது. பிரதான லைனிலிருந்து 10-ஆம் தளத்தில் ஒரு வால்வு, 5-ஆம் தளத்தில் இன்னொன்று, இரண்டும் 2 கிலோவுக்கு. அப்போது 10-ஆம் தளத்துக்கு 2, 6-ஆம் தளத்துக்கு 3.2, 5-ஆம் தளத்துக்கு 2, முதல் தளத்துக்கு 3.2. தளத்துக்கு ஒன்றோ வீட்டுக்கு ஒன்றோ வைப்பவர்களும் உண்டு. அழுத்தம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கும். பராமரிக்க வேண்டிய வால்வுகளின் எண்ணிக்கைதான் பல மடங்கு. இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு வரம்பு இருக்கிறது. உள்ளே வரும் அழுத்தத்தை ஒரே வால்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கச் சொன்னால் அது இரைச்சலிடும், உள்ளே நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைந்து இருக்கையை அரிக்கும். 6.3-லிருந்து 2.5-க்கு இறக்கலாம். 30 மாடிக் கட்டடத்தில் 9.3-லிருந்து 2.5-க்கு என்றால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வால்வுகளில் படிப்படியாக இறக்குவதே சரி.

வால்வை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த ஆபத்து. இது கெட்டால் சத்தமில்லாமல் கெடும். மேல்தொட்டியைக் கழுவும்போது கிளறிய வண்டல், பைப் வெட்டிய துகள், போர் தண்ணீரின் உப்புப் படிவு, இதில் ஒரு துணுக்கு இருக்கையில் உட்கார்ந்தால் அடைப்பான் முழுதாக மூடாது. பகலில் வித்தியாசம் தெரியாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் அழுத்தம் அளவோடு இருக்கும். இரவில் அந்த மயிரிழை வழியாகக் கசிந்து கசிந்து, விடிவதற்குள் வீட்டுப் பக்கமும் 6.3-க்கு ஏறிவிடும். காலையில் முதன்முதலாகத் திறக்கும் குழாய் ஒரு நொடி மட்டும் பீறிட்டு, பிறகு சாதுவாக ஓடினால் சந்தேகப்படுங்கள்.

உறுதிசெய்ய 10 கிலோ வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜ் போதும். வாஷிங் மெஷின் குழாயில் அதை மாட்டிக் குழாயைத் திறந்துவிடுங்கள். கீசரை அணைத்து வையுங்கள்; சூடாகும் நீர் விரிந்து முள்ளைத் தானாகவே ஏற்றிவிடும். வேறொரு குழாயைத் திறந்து மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். பல வீடுகளுக்குப் பொதுவான வால்வாக இருந்தால், யாரும் தண்ணீர் எடுக்காத நடு இரவில்தான் இதைச் செய்ய முடியும். அரை மணி நேரம் கழித்தும் முள் அதே இடத்தில் நின்றால் வால்வு நலம். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் கசிகிறது. தண்ணீர் ஓடும்போது எடுத்த அளவை வைத்து ‘நார்மல்தான்’ என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

உடனே புது வால்வு வாங்க ஓட வேண்டாம். வால்வுக்கு முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவி, அடைப்பானைத் துடைத்தாலே பாதிக் கேஸ்கள் தீர்ந்துவிடும். சவ்வும் அடைப்பானும் தனியாக மாற்றக்கூடிய மாதிரிகளும் கிடைக்கின்றன. ஆனால் அதற்கும் முன்னால் பைபாஸைப் பாருங்கள். வால்வைக் கழற்றும் நேரத்தில் தண்ணீர் நிற்காமலிருக்க, அதைச் சுற்றி ஒரு மாற்று பைப்பும் அதில் ஒரு கேட் வால்வும் வைத்திருப்பார்கள். யாரோ எப்போதோ திறந்து சரியாக மூடாமல் விட்டிருந்தால், நல்ல பி.ஆர்.வி.யும் கெட்டது போலவே காட்டும். பி.ஆர்.வி.க்கு முன்னால் இருக்கும் வால்வை இறுக மூடி, கீழே ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை வடித்து மூடுங்கள். அதற்குப் பிறகும் முள் ஏறினால் தண்ணீர் பைபாஸ் வழியாக வருகிறது. மாற்ற வேண்டியது அந்த கேட் வால்வை.