டிஸ்க்கில் இடமிருந்தும் பில் பதியாதது ஏன்?

"பில்லிங் டேட்டாபேஸ் நிரம்பப் போகிறது. பெரிய பதிப்பு வாங்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும்."

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவருக்கு, கடைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. "தம்பி, டிஸ்க்ல முன்னூறு ஜிபி சும்மா கிடக்கு. எதுக்கு இந்தச் செலவு?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். டிஸ்க்கில் இடம் இருக்கிறது, டேட்டாபேஸும் நிரம்பத்தான் போகிறது. இந்த இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக முடியும் என்பதை அந்தச் செய்தி சொல்லவில்லை. சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள்கள் பலவற்றில் இதே சிக்கல் வரக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

அந்தக் கடையின் பில்கள் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பில் சேர்கின்றன. இலவசம் என்பதால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கடையில் இருக்கும் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. டிஸ்க்கை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொண்டால், டேட்டாபேஸ் அதற்குள் இருக்கும் பத்து மூட்டை பிடிக்கும் பெட்டி. கிடங்கு காலியாகக் கிடந்தாலும் பதினோராவது மூட்டை அந்தப் பெட்டிக்குள் போகாது. இன்னொரு டிஸ்க் வாங்கிப் போட்டால் கிடங்குதான் பெரிதாகும். பெட்டி அப்படியேதான் இருக்கும்.

எல்லையைத் தொட்ட நாளில் பழைய பில்கள் திறக்கும், விற்பனை அறிக்கையும் வரும், ஆனால் புதிய பில் மட்டும் பதியாது. திரையில் வரும் பிழைச் செய்தியில் `'PRIMARY' filegroup is full` என்ற சொற்கள் இருக்கும். டிஸ்க்கே நிரம்பிப்போவது வேறு நோய். பேக்கப் சரியாக எடுக்காத கடைகளில் `.ldf` என்று முடியும் பதிவேட்டுக் கோப்பு தடையில்லாமல் வளர்ந்து டிஸ்க்கை அடைப்பதுண்டு. அந்தக் கோப்பு 10 ஜிபிக் கணக்கில் சேராது. இரண்டில் எது என்று தெரியாமல் செலவில் இறங்கினால் பணம்தான் வீணாகும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இளைஞர் பிறகுதான் பார்த்தார். அதற்கு ஒரே வரிக் கட்டளை போதும்:

```sql
EXEC sp_spaceused;
```

எடுத்துக்கொண்ட இடம் 9,600 எம்பி. எல்லை 10,240 எம்பி. மீதம் 640 எம்பி.

இனி நாள் கணக்கு. கடையில் தினமும் சுமார் 400 பில். ஒரு பில்லுக்குச் சராசரியாக 12 பொருள் என்றால் 4,800 வரிகள். ஒரு வரி, அதைத் தேடி எடுக்க உதவும் இன்டெக்ஸையும் சேர்த்து, அரை கேபி பிடிக்கிறது. விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் இருப்புக் கணக்கிலும் ஒரு வரி விழுகிறது. பில் தலைப்பையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 5 எம்பி. ஆனால் டேட்டாபேஸ் தினமும் 8 எம்பி வளர்ந்துகொண்டிருந்தது.

மிச்சம் 3 எம்பி எங்கிருந்து வந்தது? மொத்த வியாபாரிகள் தரும் கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்து மென்பொருளில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பத்துப் படம், படத்துக்கு 300 கேபி. அவை எல்லாமே டேட்டாபேஸுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தன. 1,200 நாளில் 3,600 எம்பி. பெட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தவை விற்பனைக் கணக்கே இல்லை, படங்கள்.

இது தெரிந்த பிறகு அனுப்பிய இரண்டாவது செய்தி இப்படி இருந்தது:

"அண்ணாச்சி, டிஸ்க்கில் இடம் இருப்பது உண்மைதான். நம் பில்லிங் டேட்டாபேஸ் இலவசப் பதிப்பு, அது 10 ஜிபிக்கு மேல் வாங்காது. இப்போது 9.4 ஜிபி ஆகிவிட்டது. இதே வேகத்தில் போனால் 80 நாள்தான் தாங்கும், பண்டிகை விற்பனை நடுவில் வந்தால் அதற்கும் முன்பே நிற்கும். வழி மூன்று.

முதல் வழி: ஸ்கேன் படங்களை டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தனி ஃபோல்டரில் வைப்பது. பில் வரலாறு அப்படியே இருக்கும். 3,600 எம்பி மிச்சமாகும். நாள் வளர்ச்சியும் 5 எம்பியாகக் குறையும், இரண்டேகால் வருஷத்துக்கு மேல் கவலையில்லை. பேக்கப்புக்கு வெளி டிஸ்க் ஒன்று, வேலைக்கூலி எல்லாம் சேர்த்து ₹10,000க்குள்.

இரண்டாம் வழி: 2025ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு மாறுவது. அதன் எல்லை 50 ஜிபி, அதுவும் இலவசம். ஆனால் நம் பில்லிங் மென்பொருள் அதில் ஓடும் என்று கம்பெனிக்காரர் எழுதித் தர வேண்டும். நம் பழைய கணினி தாங்காவிட்டால் புதிதுக்கு ₹40,000 வரை ஆகும்.

மூன்றாம் வழி: ஸ்டாண்டர்ட் பதிப்பு. சர்வருக்கும் நான்கு கவுண்டருக்கும் உரிமம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். இப்போது இது தேவையில்லை. முன்னாடி நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

முதல் வழியை இந்த ஞாயிறு கடை அடைத்த பிறகு செய்யலாம். உங்கள் சம்மதம் வேண்டும்."

இந்தச் செய்தியில் எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு செலவு, எதை முதலில் செய்வது என்ற மூன்றும் இருக்கின்றன. முடிவெடுக்க அண்ணாச்சிக்கு அது போதும்.

வேலையைத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. படங்களை நகர்த்துமுன் முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும். ஃபோல்டரில் இருக்கும் படத்தைத் திறக்க மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கம்பெனிக்காரர் அதை மாற்றித் தரும்வரை காத்திருப்பதே நல்லது. படங்கள் வெளியே போன பிறகு டேட்டாபேஸ் பேக்கப்பில் அவை வராது. ஆகவே அந்த ஃபோல்டரையும் தினமும் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். இதை மறந்தால், டிஸ்க் பழுதாகும் நாளில் பில்கள் திரும்பி வரும், கொள்முதல் ஆதாரம் வராது.

படங்களை நீக்கிய பிறகும் கோப்பின் அளவு குறையாது. அதைப் பார்த்து வேலை நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டியின் அளவு அதேதான், உள்ளே காலியாகியிருக்கிறது. புதிய பில்கள் அந்தக் காலியிடத்தில் போய் உட்காரும். கோப்பைச் சுருக்கும் கட்டளையைக் கொடுத்தால் இன்டெக்ஸ்கள் சிதறித் தேடல் மெதுவாகும். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பழைய பில்களை அழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரு நிதியாண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆகவே அழிக்க முடியாது, ஆனால் இடம் மாற்றலாம். 10 ஜிபி எல்லை ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி. ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆண்டின் பில்களை இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றினால், அந்தப் புதுப் பெட்டிக்கும் 10 ஜிபி கிடைக்கும், காசு கொடுக்காமலே. பழைய பில்லை அங்கே தேடும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழியில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. பத்து நாள் பில் போட்ட பிறகு பழையதுக்கே திரும்பலாம் என்றால் அந்தப் பத்து நாள் பில்கள் கூட வராது. அதனால் முதலில் வேறொரு கணினியில் சோதித்து, பில், இருப்பு, ஜிஎஸ்டி அறிக்கை மூன்றும் சரியாக வருகின்றனவா என்று பார்த்த பிறகே கடையில் மாற்ற வேண்டும்.

அந்தக் கடையில் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, `sp_spaceused` காட்டும் எண்ணைக் கல்லாப் பக்கத்து நோட்டில் எழுதி வைக்கிறார்கள். முதல் பக்கத்தில் இரண்டு எண்கள்தான்: 9,600, அதற்குக் கீழே 6,000. மாதா மாதம் சுமார் 150 ஏறும் என்பது அண்ணாச்சிக்கே தெரியும். அதற்கு மேல் ஏறினால், யாரும் செய்தி அனுப்பும் முன்பே அவரே ஃபோன் செய்து, "தம்பி, உள்ளே வேற என்னமோ சேருது, வந்து பாரு" என்று கூப்பிடுவார்.